போட்டோவில் வரும் ரேட் லிஸ்ட்டை எக்செல் ஃபைலாக அனுப்பச் சொல்லி சப்ளையருக்கு எழுதுவது எப்படி

புதிதாகக் கடை நடத்தத் தொடங்கியவருக்கு முதல் சில மாதங்களிலேயே இந்தத் தொல்லை வந்துவிடும். சப்ளையர் விலை மாறும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் நாலைந்து போட்டோ அனுப்புவார். ஒன்று சாய்ந்திருக்கும், இன்னொன்றின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். அதில் ஒரு பொருளைத் தேட முடியாது, போன முறை விலையோடு ஒப்பிட முடியாது, அப்படியே பில் போடும் மென்பொருளில் ஏற்றவும் முடியாது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கித்தான் அனுப்பும். அதனால் சின்ன எழுத்தில் இருக்கும் 6, 8, 3 எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். தசமப் புள்ளி மறைந்தே போகும்.

எக்செல் ஃபைலாக அனுப்புங்கள் என்று ஒரு குறிப்பு எழுதிப் போட்டால் போதாதா? பல பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சப்ளையரும் "சரி, அனுப்புகிறேன்" என்பார், அடுத்த மாதம் மறுபடி போட்டோ வரும். அவருக்கு அது கூடுதல் வேலையாகத் தெரிவதுதான் காரணம். அவரிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டால் வேலை நடக்கும். புதிதாக ஒன்றைத் தயாரித்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது. ஆகவே எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் துப்பறிய வேண்டியிருக்கிறது.

போட்டோ எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள்

வந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே A, B, C என்ற எழுத்துகளும் இடப்பக்கம் வரிசை எண்களும் தெரிந்தால் அது எக்செல் திரையின் படம். ஃபைல் அவரிடம் இருக்கிறது. அதை அப்படியே கேட்டால் போதும்.

நிறுவனப் பெயர், பக்க எண், தேதி எல்லாம் அச்சான தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தால், அது பெரும்பாலும் அவருடைய பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்த பிரிண்ட். அந்த மென்பொருள்களில் அச்சிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே `Export` என்றொரு வசதி பொதுவாக இருக்கும். பிரிண்ட் எடுப்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பிரிண்டை எடுப்பவர் முதலாளி அல்ல, கணக்கு எழுதுபவர். உங்கள் குறிப்பு கடைசியில் அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது வகை, தயாரிப்பு நிறுவனம் அடித்துக் கொடுத்த வண்ண லிஸ்ட்டில் சப்ளையர் பேனாவால் கழிவு எழுதி அனுப்புவது. இங்கே விலைப்பட்டியல் சப்ளையருடையதே இல்லை. அவர் தருவது கழிவு சதவீதம் மட்டும். ஆகவே இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள்: நிறுவனம் அவருக்கு அனுப்பிய மூல ஃபைல், பிறகு எந்த வகைப் பொருளுக்கு எவ்வளவு கழிவு என்று இரண்டு வரி. கழிவை வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பினாலும் போதும், நீங்கள் சூத்திரம் போட்டுக்கொள்ளலாம்.

கையால் எழுதிய தாள் என்றால் ஃபைல் எங்கும் இல்லை. முதல் முறை நீங்கள்தான் அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு அந்த ஃபைலை அவருக்கு அனுப்பி, விலைக் கட்டத்தை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பச் சொல்லலாம். அதற்கும் அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். கைப்பேசியில் எக்செல் திறந்து பழக்கமில்லாத ஒருவரை அதில் இழுத்து விட்டால் தவறான விலைதான் வரும்.

அவர் ஏன் போட்டோ அனுப்புகிறார்

சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். போட்டோ அனுப்புவதில் அவருக்குச் சில பாதுகாப்புகள் இருக்கின்றன.

முதலாவது, போட்டோவில் உள்ள எண்ணை யாரும் லேசில் மாற்ற முடியாது. எக்செல் ஃபைலில் ஒரு கட்டத்தைத் தொட்டு மாற்றிவிட்டு, "நீங்கள் அனுப்பிய விலை இதுதானே" என்று ஒருவர் சண்டைக்கு வரலாம். இந்தப் பயம் நியாயமானது. தீர்வும் எளிது: இரண்டையும் அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவோ பிடிஎஃப்போ அவருடைய அதிகாரபூர்வ விலை, எக்செல் உங்கள் வேலைக்கான நகல். இரண்டும் வேறுபட்டால் எது செல்லும் என்பதைக் குறிப்பிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு வரி மற்ற எல்லா விளக்கத்தையும் விட அதிக வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, எக்செல் ஃபைலில் அவருடைய கொள்முதல் விலை இருக்கலாம். அது இருக்கும் செங்குத்து வரிசையை, அதாவது எக்செல் காலத்தை, மறைத்து வைத்துவிட்டுத் திரையைப் படம் பிடித்திருப்பார். ஃபைலையே அனுப்பினால், மறைத்த காலத்தை யார் வேண்டுமானாலும் வலது கிளிக் செய்து `Unhide` என்று திறந்துவிடலாம் என்பது அவருக்கு, அல்லது அவருடைய கணக்கருக்கு, தெரியும். ஆகவே விற்பனை விலை இருக்கும் காலங்களை மட்டும் ஒரு புதிய ஃபைலில் ஒட்டி அனுப்பினால் போதும் என்று நீங்களே சொல்லுங்கள். ஒட்டும்போது `Paste Values` என்று ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் சூத்திரமும் கூடவே வந்து, அது தேடும் கொள்முதல் விலை புதிய ஃபைலில் இல்லாததால் கட்டங்கள் பிழையோ தவறான எண்ணோ காட்டும்.

மூன்றாவது, லிஸ்ட் வேறு கடைகளுக்குப் போய்விடுமோ என்ற கவலை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலை வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். போட்டோவையும்தான் அனுப்ப முடியும், ஆனால் தர்க்கம் பேசிப் பயனில்லை. வெளியே பகிர மாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள், எழுதியபடி நடந்துகொள்ளுங்கள்.

மாதிரி ஃபைல் ஒன்று தயார் செய்யுங்கள்

வெறும் காலத் தலைப்புகளோடு காலி ஃபைல் அனுப்பினால் அது ஒரு விண்ணப்பப் படிவம் போலத் தெரியும், யாரும் தொடமாட்டார்கள். அவருடைய லிஸ்ட்டிலிருந்தே ஐந்தாறு பொருட்களை எடுத்து நிரப்பி அனுப்புங்கள். குழாய்ப் பொருத்திகள் விற்கும் ஒரு கடையை வைத்துப் பார்க்கலாம். இதில் உள்ள EL-034 போன்ற பொருள் கோடுகளும் எண்களும் உதாரணத்துக்கு நான் போட்டவை.

| கோடு | பொருள் | அளவு | யூனிட் | எண்ணிக்கை | விலை (வரி இல்லாமல்) |
|---|---|---|---|---|---|
| EL-034 | எல்போ | 3/4 | பாக்ஸ் | 20 | 250 |
| EL-012 | எல்போ | 1/2 | பாக்ஸ் | 40 | 360 |
| TE-034 | டீ | 3/4 | பாக்ஸ் | 20 | 340 |
| BV-100 | பால் வால்வு | 1 | ஒன்று | 1 | 95 |

ஆறு காலம்தான். இதற்கு மேல் கேட்டால் முதல் முறையே மலைப்பாகிவிடும். விலை எந்தத் தேதியிலிருந்து என்பதை ஃபைல் பெயரில் வைக்கச் சொல்லலாம். ஆண்டை முதலில் போட்டு `rates-2025-04-01.xlsx` என்ற மாதிரி எழுதினால் ஃபைல்கள் தானாகவே தேதி வரிசையில் நிற்கும்.

இந்த ஆறில் உயிர்நாடி கோடுதான். பொருளின் பெயரை ஒரு மாதம் "எல்போ 3/4" என்றும் அடுத்த மாதம் "3/4 எல்போ வெள்ளை" என்றும் எழுதுவார்கள். மனிதருக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கோடு மாறாமல் இருந்தால் பெயரை அவர் எப்படி எழுதினாலும் உங்களுக்குக் கவலையில்லை. அவருடைய பில்லில் ஏற்கெனவே கோடு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையின் கோடைப் பயன்படுத்தச் சொல்லாதீர்கள். அவருக்கு உங்களைப் போல எத்தனையோ கடைகள் இருக்கும்.

யூனிட்டையும் எண்ணிக்கையையும் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. போட்டோவில் வரும் லிஸ்ட்டில் "250/பாக்ஸ்", "95 ஒன்று", "டஜன் 180" என்று விலையும் யூனிட்டும் ஒரே கட்டத்தில் கலந்திருக்கும். அப்படிக் கலந்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கூட்டவும் முடியாது, வகுக்கவும் முடியாது. விலைக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இறுதியில் போடும் "/-" கூட வேண்டாம்.

அளவுக் காலத்தில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணக் கட்டத்தில் 3/4 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதி என்று நினைத்து, கணினியின் அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 என்றோ மார்ச் 4 என்றோ மாற்றிவிடும். பிறகு அந்தக் காலத்தை `Text` ஆக மாற்றினால் 3/4 திரும்பி வராது, தேதிக்குள்ளே இருக்கும் ஐந்து இலக்க எண்தான் வெளியே வரும். ஆகவே தட்டச்சு செய்வதற்கு முன்பே கோடு, அளவு என்ற இரண்டு காலங்களையும் `Text` வடிவத்துக்கு மாற்றி வைத்து, அந்த மாதிரி ஃபைலை அனுப்புங்கள். 00451 போன்ற கோடுகளில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போவதும், 13 இலக்க பார்கோடு 8.9E+12 என்று சுருங்கித் தெரிவதும் இதே நோயின் வேறு அறிகுறிகள். மருந்தும் அதேதான்.

அழகுக்காகச் செய்யும் சில விஷயங்களையும் மாதிரியில் தவிர்த்துவிடுங்கள். நடுவில் "எல்போ வகைகள்" என்று கட்டங்களை இணைத்துத் தலைப்புப் போடுவது, விலை ஏறியதைச் சிவப்பிலும் இருப்பு இல்லாததை மஞ்சளிலும் காட்டுவது, இவையெல்லாம் தாளில் நன்றாக இருக்கும். வரிசைப்படுத்தும்போது இணைத்த கட்டங்கள் தகராறு செய்யும். நிறத்தைச் சூத்திரத்தால் படிக்க முடியாது. ஒரு வரிக்கு ஒரு பொருள், அவ்வளவுதான்.

குறிப்பு இப்படி இருக்கலாம்

முதலில் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் அனுப்புவது நல்லது. லிஸ்ட் வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் அனுப்புங்கள், அப்போதுதான் விஷயம் அவர் நினைவில் இருக்கும். பழைய பாக்கி பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். அவரை வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே தொடங்குங்கள். திடீரென்று அலுவலகக் கடிதம் போல எழுதினால் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொள்வார்.

> வணக்கம் சார். இந்த மாத ரேட் லிஸ்ட் கிடைத்தது, நன்றி.
>
> ஒரு சின்ன உதவி வேண்டும். லிஸ்ட்டைப் போட்டோவாகப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது எண்கள் மாறிப் போகின்றன. போன ஆர்டரில் 3/4 டீ விலையை நாங்கள் தவறாகப் படித்துத்தான் உங்களுக்கு இரண்டு முறை போன் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த முறையிலிருந்து போட்டோவோடு கூட அந்த எக்செல் ஃபைலையும் அனுப்ப முடியுமா? உங்களிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே போதும்.
>
> கொள்முதல் விலை, மற்ற கடைகளின் விலை எதுவும் அதில் வேண்டாம். கோடு, பொருள், அளவு, யூனிட், எண்ணிக்கை, எங்களுக்கான விலை, இவை இருந்தால் போதும். உங்கள் லிஸ்ட்டிலிருந்தே சில பொருட்களை எடுத்து ஒரு மாதிரி இணைத்திருக்கிறேன்.
>
> விலையில் ஏதாவது வித்தியாசம் வந்தால் உங்கள் போட்டோவில் இருப்பதுதான் சரி என்று எடுத்துக்கொள்வோம். ஃபைலை வெளியே யாருக்கும் கொடுக்க மாட்டோம்.
>
> கணக்குப் பார்ப்பவரிடம் நானே பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், அவருக்கு வசதியான நேரத்தில் கூப்பிடுகிறேன்.

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். "போட்டோவோடு கூட" என்று எழுதியிருக்கிறது, "போட்டோவுக்குப் பதிலாக" என்று இல்லை. உங்கள் விருப்பம் போட்டோவே வேண்டாம் என்பதாக இருந்தாலும் தொடக்கத்தில் அப்படிக் கேட்காதீர்கள். அவருடைய பழக்கத்தை நிறுத்தச் சொல்வதை விட ஒன்றைச் சேர்க்கச் சொல்வது எளிது. சில மாதம் ஃபைல் ஒழுங்காக வந்த பிறகு போட்டோ தானாகக் குறைந்துவிடும். வித்தியாசம் வந்தால் எது செல்லும் என்ற ஏற்பாட்டையும் அப்போது மறுபடி பேசிக்கொள்ளலாம்.

போன ஆர்டரில் நடந்த ஒரு உண்மையான குழப்பத்தைக் குறிப்பிடுங்கள். "எங்களுக்கு வசதியாக இருக்கும்" என்பதை விட "உங்களுக்கு இரண்டு போன் மிச்சம்" என்பது அவருக்குப் புரியும். அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால் கதை கட்ட வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

"எப்படி இருக்கிறதோ அப்படியே" என்று சொல்லிவிட்டு மாதிரியும் இணைப்பது முரண்பாடாகத் தெரியலாம். மாதிரி என்பது கணக்கருக்கு. முதலாளிக்கு அந்த வரி. ஒழுங்கில்லாத ஃபைல் வந்தாலும் அதைச் சரிசெய்துகொள்ளலாம், போட்டோவைச் சரிசெய்ய முடியாது.

அனுப்பும் முறையையும் அவர் கேட்டால் சொல்லிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கேலரி வழியாகப் போகாமல் இணைப்புச் சின்னத்தைத் தொட்டு `Document` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர் கணினியில் `File` > `Download` > `Microsoft Excel (.xlsx)` என்று இறக்கி அனுப்பலாம். சிலர் ஷீட்டின் இணைப்பைக் கொடுத்துவிடுகிறேன் என்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நீங்கள் காலையில் பார்த்த விலை மாலையில் மாறியிருந்தாலும் உங்களுக்குச் சொல்வார் யாருமில்லை, பழைய விலை என்னவாக இருந்தது என்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஃபைல் என்பதுதான் பின்னால் கை கொடுக்கும்.

எக்செல்லைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால்? எழுத்து தெளிவாக இருக்கும், தேடவும் முடியும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது காலங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். போட்டோவை விட மேல், கேட்டது இதுவல்ல. நன்றி சொல்லிவிட்டு, இந்தப் பிடிஎஃப்பை எடுத்த எக்செல் ஃபைலையே அனுப்புங்கள் என்று கேளுங்கள்.

முதல் ஃபைல் வந்ததும்

வந்த ஃபைலில் நேரடியாக எதையும் மாற்றாதீர்கள். அதை அப்படியே ஒரு போல்டரில் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். நகலில் முதலில் விலைக் காலம் முழுக்க எண்கள்தானா என்று பாருங்கள். மேலே உள்ள மாதிரிப்படி விலை F காலத்தில் இருந்தால், ஒரு காலிக் காலத்தில் இதைப் போட்டுக் கீழே வரை இழுக்கலாம்:

```
=ISNUMBER(F2)
```

`FALSE` வரும் வரிகளில் ஏதோ எழுத்து கலந்திருக்கிறது. கண்ணாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக மாறியவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே கோடு இரண்டு வரியில் வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், `=COUNTIF(A:A,A2)` ஒன்றுக்கு மேல் காட்டினால் இரட்டிப்பு. அப்புறம் போட்டோவிலிருந்து ஏழெட்டு விலைகளை அங்கங்கே எடுத்து ஃபைலோடு ஒத்துப் பாருங்கள். பழைய ஃபைலைத் தவறுதலாக அனுப்பியிருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். அடிக்கடி நடக்கும் தவறு அதுதான்.

இரண்டாவது மாத ஃபைல் வந்த பிறகுதான் இத்தனை பாட்டின் பலன் தெரியும். பழைய ஷீட்டை `OLD` என்ற பெயரில் அதே ஃபைலுக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு ஷீட்டிலும் G காலத்தில் ஒரு பொருளின் தனி விலையைக் கணக்கிடுங்கள். புதிய ஷீட்டின் H காலத்தில் பழைய தனி விலையை இழுத்து வாருங்கள், I காலத்தில் வித்தியாசம்.

```
G2:  =F2/E2
H2:  =VLOOKUP(A2,OLD!A:G,7,FALSE)
I2:  =G2/H2-1
```

I காலத்தைச் சதவீத வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் EL-034 எல்போ போன மாதம் பாக்ஸ் 300, உள்ளே 25. இந்த மாதம் பாக்ஸ் 250, உள்ளே 20. போட்டோவில் பார்ப்பவர் கண்ணுக்கு விலை 50 இறங்கியிருக்கிறது. ஆனால் G காலம் 12.50 என்கிறது, H காலம் 12 என்கிறது. I காலத்தில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்றம். பாக்ஸ் அளவு மாறியதைக் கவனிக்காமல் விற்பனை விலையைக் குறைத்திருந்தால், ஒவ்வொரு எல்போவிலும் லாபத்தைக் கைவிட்டிருப்பீர்கள். இதற்கு சப்ளையரைக் குறை சொல்லவும் முடியாது, எண்ணிக்கை அந்தப் போட்டோவிலேயே ஒரு மூலையில் இருந்திருக்கும்.

H காலத்தில் `#N/A` வந்தால் ஒன்று அது புதிய பொருள், இல்லையேல் கோடு ஒத்துப்போகவில்லை. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் கோடுகள் பொருந்தாமல் போவதற்கு இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, கோட்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி. `=TRIM(A2)` அதை நீக்கும். மற்றது, வெறும் எண்ணாலான கோடு ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருப்பது. H காலம் முழுக்க `#N/A` என்றால் இரண்டாவது காரணத்தைச் சந்தேகியுங்கள்.

நிறுத்திவிட்ட பொருட்களை இந்த ஒப்பீடு காட்டாது, புதிய ஷீட்டில் அந்த வரியே இருக்காதே. பழைய ஷீட்டிலும் இதே மாதிரி ஒரு தேடலைப் புதியதை நோக்கிப் போட்டால் அங்கே வரும் `#N/A` எல்லாம் போய்விட்ட பொருட்கள். அவை உண்மையிலேயே நின்றுவிட்டனவா, தட்டச்சில் விடுபட்டனவா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி போட்டோ வந்தால்

வரும். கணக்கர் விடுப்பில் இருப்பார், அல்லது புதியவர் வந்திருப்பார். முதல் குறிப்பைத் திரும்ப அனுப்பாதீர்கள், அது குத்திக்காட்டுவது போல இருக்கும். "சார், லிஸ்ட் கிடைத்தது. ஃபைலையும் நேரம் கிடைக்கும்போது அனுப்பச் சொல்லுங்கள்" என்ற இரண்டு வரி போதும், போன முறை அவர் அனுப்பிய ஃபைலையே கூட இணைத்துவிடுங்கள். அடுத்தவர் அதைப் பார்த்து விலையை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

ஃபைல் வருவதற்குள் அவசரமாக விலை தேவைப்பட்டால், அதே போட்டோவை `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்காது. புதிய எக்செல்லில் `Data` பட்டியலுக்குள் `From Picture` என்று ஒரு வசதி இருக்கிறது, படத்திலிருந்து எண்களை எடுத்து, சந்தேகமானவற்றைச் சரிபார்க்கச் சொல்லிக் காட்டும். அது காட்டாமல் விடும் தவறும் உண்டு. 12.50 என்பது 1250 ஆகிவிட்டால் அதற்கு அதுவும் ஒரு நல்ல எண்தான். ஆகவே எடுத்த எண்களை மேலே சொன்ன I காலத்தில் ஓட்டிப் பாருங்கள். பெரிய சதவீதம் காட்டும் வரிகளை மட்டும் போட்டோவில் திரும்பப் பார்த்தால் இப்படிப்பட்ட பெரிய பிழைகள் அகப்படும். 165-ஐ 168 என்று படித்த சின்னப் பிழை இதில் தப்பிவிடும், அதற்கு ஃபைல் வந்துதான் ஆக வேண்டும்.

எல்லா சப்ளையரிடமும் இதைக் கேட்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பொருள் மட்டும் தருபவருக்குப் போட்டோவே போதும், நீங்கள் தட்டச்சு செய்துவிடலாம். விலை தினம் மாறும் பொருட்களுக்கும் ஃபைல் சரிப்படாது, ஃபைல் வருவதற்குள் விலை போயிருக்கும். அங்கே வாட்ஸ்அப்பில் கோடும் விலையும் எழுத்தாக வந்தால் நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அதிகப் பொருள், மாதத்துக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ மாறும் விலை, இந்த இரண்டும் சேர்ந்த சப்ளையர் யார் என்று பார்த்து அவரிடமிருந்து தொடங்குங்கள்.